'அண்ணே' ஆங்கிலத்துக்குப் போகும்போது

[திரையில்: டீக்கடை. கல்லாவில் கடைக்காரர். வாடிக்கையாளர் உள்ளே வருகிறார்.]

வெளிநாட்டுத் திரைப்பட விழாவுக்கு அனுப்பும் தமிழ்த் திரைக்கதையின் நகைச்சுவையை ஆங்கிலத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் சொல்கிறார்: "வாங்கண்ணே, உக்காருங்கண்ணே, டீ சாப்பிடுங்கண்ணே." வந்தவர் பதில் சொல்கிறார்: "பத்து வருஷமா உங்க கடையிலதான் டீ குடிக்கிறேன். இன்னைக்குத்தான் முதல் தடவையா உங்ககிட்ட கேக்குறேன், கடன்." கடைக்காரர் முகம் மாறுகிறது. "குடிச்சாச்சுல்ல? கெளம்பு."

தமிழில் படித்ததுமே சிரித்துவிடுவோம். வெளிநாட்டு விழாவின் தேர்வுக்குழுவில் இருப்பவருக்கு நம் தமிழ் தெரியாது. அவர் கையில் இருப்பது ஆங்கிலப் பக்கம் மட்டும்.

முதல் சிக்கல் 'கடன்' என்ற சொல் நிற்கும் இடம். தமிழில் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக எழுதினால், 'லோன்' பாதியிலேயே வந்து சிரிப்பு உடைந்துவிடக்கூடும். அதனால் வாக்கியத்தை உடையுங்கள்.

[திரையில்: "டென் இயர்ஸ் ஐ'வ் ட்ரங்க் யுவர் டீ. நெவர் ஆஸ்க்ட் ஃபார் எ திங். டுடே ஐ'ம் ஆஸ்கிங். எ லோன்."]

நான்கு துண்டுகள். தமிழில் நடிகர் மூச்சு விடும் இடங்களில்தான் முற்றுப்புள்ளிகள் விழுந்திருக்கின்றன. 'லோன்' மறுபடியும் கடைசியில் வந்துவிட்டது.

இரண்டாவது சிக்கல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 'உக்காருங்கண்ணே' எங்கே, 'கெளம்பு' எங்கே! மரியாதை விழுந்ததுதான் இந்தக் காட்சியின் நகைச்சுவை. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ஒரே 'யூ'. 'அண்ணே'யை அப்படியே விடலாமே என்று தோன்றும். ஆனால் ஆங்கில எழுத்தில் அது 'ஆன்' என்ற பெண் பெயராகிவிடும். வந்தவர் பெண் என்றே நினைத்துவிடுவார்கள். கடைசியில் 'ஏ', 'இ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் வருமாறு எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை. அடிக்குறிப்பு மட்டும் வேண்டாம். விளக்கிச் சொன்ன நகைச்சுவைக்கு யாரும் சிரிப்பதில்லை.

ஆங்கிலத்தில் மரியாதை பெரும்பாலும் வாக்கியத்தின் நீளத்தில் இருக்கிறது. நீட்டிச் சொன்னால் பணிவு, வெட்டிச் சொன்னால் விரட்டல். அதனால் வரவேற்பை நீட்டுங்கள்: "கம் இன், அண்ணே. டூ சிட் டவுன், அண்ணே. யூ மஸ்ட் ஹேவ் சம் டீ, அண்ணே." மூன்று முறை வந்தபின், வாசிப்பவர் நான்காவது 'அண்ணே'க்குக் காத்திருப்பார். அது வராது. "டீ டன்? கோ." அவ்வளவுதான். 'அண்ணே' என்றால் என்ன என்று தெரியாதவருக்கும் அது காணாமல் போனது தெரியும்.

துண்டால் பெஞ்சைத் துடைப்பது மாதிரி ஒரு செய்கையையும் சேர்த்தால் இன்னும் தெளிவாகும். ஆனால் அது மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்யக்கூடியது அல்ல, இயக்குநரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

சரி, சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? தமிழ்க் காட்சியை இரண்டு பேர் உரக்கப் படிக்கட்டும், நேரத்தைக் குறியுங்கள். அப்புறம் ஆங்கிலத்தையும் அப்படியே படிக்கச் சொல்லுங்கள். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது வழக்கமான கணக்கு. ஆங்கிலக் காட்சி வெகுவாக நீண்டுவிட்டால், எங்கோ விளக்கம் நுழைந்திருக்கிறது. தமிழ் தெரியாத ஒருவரை எதிரில் உட்கார வையுங்கள். 'லோன்' வரும் முன்பே அவர் சிரித்தாலோ, 'கோ'வுக்கு அப்புறம் "ஏன் கோபப்படுகிறார்?" என்று கேட்டாலோ, அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள்.