டெலிவரி ஏன் தாமதம்? 37 முள்ளில் எந்த முள் குத்தியது?

வணக்கம் மக்களே. இன்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், ஏனென்றால் மூன்று வாரமாக இதைச் சொல்லக் காத்திருக்கிறேன். போன மாதம் ஒரு சின்னத் தொழிற்சாலைக்குப் போனேன் என்று சொன்னேன் இல்லையா, மின்சார பேனல் வைக்கிற தகட்டுப் பெட்டி செய்கிற இடம்? தகடு வெட்டுவது, வளைப்பது, வெல்டிங், நிறப் பவுடரைத் தெளித்து ஓவனில் சூடாக்கிப் பிடிக்க வைக்கிற பவுடர் கோட்டிங், பேக்கிங் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அங்கே டெலிவரி தாமதமாகிறது என்று ஒரு மீன்முள் படம் போட்டு வைத்திருந்தார்கள், அதாவது பிரச்சினையைத் தலையிலும், அதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்பதை முள் முள்ளாகவும் எழுதுகிற படம். பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

படம் அழகாகத்தான் இருந்தது. வலது பக்கம் மீன் தலை, நடுவில் முதுகெலும்பு, மேலும் கீழுமாக ஆறு பெரிய முள்: ஆட்கள், இயந்திரம், பொருள், முறை, அளவீடு, சுற்றுச்சூழல். ஜப்பானின் கவோரு இஷிகாவா பரப்பிய அதே வடிவம். சின்ன முள்ளெல்லாம் சேர்த்து எண்ணினேன், 37 இருந்தன. அதில் ஆட்கள் என்ற முள்ளில் மட்டும் 15. உரிமையாளர் அதைக் காட்டி, "பார்த்தீர்களா மேடம், பிரச்சினை ஆட்கள்தான்" என்றார்.

இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஒரு முள்ளில் 15 எழுதியிருக்கிறது என்றால், கூடியிருந்தவர்களுக்கு அதைப் பற்றிப் பேச நிறைய இருந்தது, அவ்வளவுதான் அர்த்தம். ஒவ்வொரு முள்ளும் ஒரு சந்தேகம். நிரூபணமான காரணம் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தச் சந்தேகம் பெரியது, எது சின்னது என்று இந்தப் படம் சொல்லவே சொல்லாது. முள்ளின் எண்ணிக்கையை வைத்து முடிவெடுத்தால் பாவம் வெல்டரும் பெயின்டரும்தான் திட்டு வாங்குவார்கள்.

சரி, நான் எப்போதும் செய்வதுபோல முதலில் தலையைப் படித்தேன். "டெலிவரி தாமதம்" என்று இரண்டே வார்த்தை. எத்தனை ஆர்டர், எத்தனை நாள், எந்தத் தேதியை வைத்துத் தாமதம் என்கிறார்கள்? தலையில் இது இல்லாவிட்டால் எந்த முள்ளையும் சரிபார்க்க வழியில்லை. பதிவேட்டைக் கேட்டேன். மூன்று மாதத்தில் 60 ஆர்டர், அதில் 13 தாமதம் என்றார்கள். நல்லது என்று தலையில் 13 என எழுதியும் விட்டேன்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. பதிவேட்டில் சில வரிகளில் தேதிக்கு மேல் வெள்ளை மை பூசி, வேறு தேதி எழுதியிருந்தது. ஐயோ, இந்த வெள்ளை மை எனக்கு அறவே பிடிக்காது, உங்களுக்கே தெரியும்! விசாரித்தால், ஆர்டர் தள்ளிப்போகும் என்று தெரிந்ததும் வாடிக்கையாளருக்குப் போன் செய்து புதுத் தேதி வாங்கி, அதை "ஒப்புக்கொண்ட தேதி" என்று மேலே எழுதிவிடுவார்களாம். வாடிக்கையாளருக்கு வேறு வழியில்லாமல் சரி என்றிருப்பார், ஆனால் பதிவேட்டில் அந்த ஆர்டர் சரியான நேரத்தில் போனதாகிவிடுகிறது. பழைய தேதிகளைத் தேட ஒன்றரை நாள் ஆனது. முதலில் அனுப்பிய ஆர்டர் உறுதிக் கடிதங்களின் நகல் ஒரு கோப்பில் இருந்தது, ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டேன். கூட 8 ஆர்டர் வந்தன. ஆக மொத்தம் 21 தாமதம்.

இங்கே ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், கொஞ்சம் பின்னால் போகிறேன். அந்தப் படத்தில் "அளவீடு" என்ற பெரிய முள்ளில் ஒன்றுமே எழுதவில்லை. வெறும் கோடு. காலியான முள்ளையும் படிக்க வேண்டும் மக்களே! அங்கே பிரச்சினை இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது. அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். இங்கே அதுதான் நடந்தது. வெள்ளை மை அந்த முள்ளில்தான் உட்கார்ந்திருந்தது.

தலையைத் திருத்தி எழுதினேன்: "மூன்று மாதத்தில் 60 ஆர்டரில் 21, முதலில் சொன்ன தேதியைத் தாண்டிப் போயின." இனி முள்ளுக்கு வருவோம்.

நான் முள்ளை நுனியிலிருந்து தலையை நோக்கிப் படிப்பேன். ஒவ்வொரு முள்ளிலும் "அதனால்" என்று சேர்த்து வாசித்துப் பாருங்கள். "ஓவன் பழுதானது, அதனால் கோட்டிங் நின்றது, அதனால் ஆர்டர் தள்ளிப்போனது." தடங்கல் இல்லாமல் போகிறது, வைத்துக்கொள்ளலாம். "போதிய பயிற்சி இல்லை, அதனால்..." அதனால் என்ன? யாருக்கு, எதில், எந்த நாளில்? பதில் வரவில்லை. இந்த மாதிரி "போதிய அது இல்லை, இது இல்லை" என்ற முள்ளெல்லாம் தீர்வைத் தலைகீழாக எழுதியது. எழுதியவர் மனதில் ஏற்கெனவே பயிற்சி வகுப்பு இருக்கிறது. என் சிவப்புப் பேனாவால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். இப்படியே 37-ல் 11 தேறின.

அடுத்தது, தேறிய முள்ளைக் கணக்கோடு ஒட்டிப் பார்ப்பது. இங்கேதான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. தாமதமான ஆர்டரை மட்டும் எடுத்துக் காரணம் தேடுவார்கள். நேரத்துக்குப் போன ஆர்டரையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

"வெல்டர் லீவு" என்ற முள்ளை எடுங்கள். அவர் லீவில் இருந்த நாட்களில் வெல்டிங்குக்கு வந்த ஆர்டர் 13. அதில் 5 தாமதம். ஐந்தா என்று உரிமையாளர் உடனே நிமிர்ந்தார். ஆனால் வெல்டர் வேலைக்கு வந்த நாட்களில் போன மீதி 47 ஆர்டரில் 16 தாமதம். இரண்டும் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அவர் வந்தாலும் அதேதான், வராவிட்டாலும் அதேதான். அப்படியென்றால் இந்த முள் குத்தவில்லை. ஓவன் பழுதை எடுத்தால், அந்த வாரத்தில் மாட்டிய ஆர்டர் 4. உண்மையான காரணம்தான், ஆனால் 21-ல் 4.

மீதி எங்கே? படத்தைச் சுவரிலிருந்து எடுத்து மேசையில் விரித்து உட்கார்ந்தேன். ஒரே வார்த்தை மூன்று பெரிய முள்ளில் வருவது அப்போதுதான் தெரிந்தது. பொருள் முள்ளில் "சிறப்பு நிறப் பவுடர் இருப்பில் இல்லை." முறை முள்ளில் "நிறம் மாற்ற நேரம் ஆகிறது." ஆட்கள் முள்ளில் "பெயின்டர் நிறத்தைத் தள்ளிப்போடுகிறார்." மூன்று பேர் மூன்று இடத்தில் நின்று ஒரே யானையைத் தடவியிருக்கிறார்கள். ஆறு தலைப்பாகப் பிரித்து எழுதுவதில் இந்தக் குறை உண்டு, ஒரு காரணம் துண்டு துண்டாகச் சிதறிவிடும். அதனால் முள்ளுக்குக் குறுக்கேயும் படிக்க வேண்டும்.

உடனே ஆர்டர்களை நிறத்தால் பிரித்தேன். சாம்பலும் வெள்ளையும் எப்போதும் இருப்பில் இருக்கும், அவை 41 ஆர்டர், தாமதம் 7. வேறு நிறம் கேட்டவை 19, அதில் தாமதம் 14! வெள்ளை மை பூசிய 8 ஆர்டரும் இந்த 14-க்குள்தான். பழைய 13-ஐ நம்பியிருந்தால் சிறப்பு நிறம் 6 என்றுதான் தெரிந்திருக்கும், ஓவனின் 4-க்குப் பக்கத்தில் அது பெரிதாகவே பட்டிருக்காது.

இப்போது நிறத்துக்குள்ளே இறங்கினேன். வெட்டி, வளைத்து, வெல்டிங் முடிய 4 நாள். பெட்டியோடு ஜாப் கார்டும் கோட்டிங்குக்கு வருகிறது. அதில் நிறத்தைப் பார்த்துப் பெயின்டர் சொன்ன பிறகுதான் பர்ச்சேஸில் பவுடருக்கு ஆர்டர் போடுகிறார்கள். பவுடர் வர 6 நாள். கோட்டிங், பேக்கிங் 2 நாள். கூட்டினால் 12. வாடிக்கையாளருக்குச் சொன்னது 10 நாள். ஒரு தவறும் நடக்காமல், எல்லோரும் ஒழுங்காக வேலை செய்தாலே 2 நாள் தாமதம் உறுதி!

பெயின்டர் விஷயத்துக்கும் வருகிறேன், அவரைச் சும்மா விட மனமில்லை, அவ்வளவு திட்டு வாங்கியிருக்கிறார். நிறம் மாற்றினால் பவுடர் தெளிக்கிற பூத்தையும் துப்பாக்கியையும் குழாயையும் முழுக்கச் சுத்தம் செய்ய வேண்டும், பழைய பவுடர் துகள் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் புது நிறத்தில் புள்ளி விழும். அவருக்கு ஒருமுறை மாற்ற ஒரு மணி நேரம் பிடிக்கிறது. அதனால் சிறப்பு நிறங்களைச் செவ்வாய், வெள்ளி என்று இரண்டு நாளில் சேர்த்துப் போடுகிறார். ஒரு பெட்டி அதிகபட்சம் 4 நாள் காத்திருக்கும். 12-உடன் 4 சேர்த்தால் 16. அதாவது தாமதம் 2 நாளிலிருந்து 6 நாள் வரை இருக்க வேண்டும். அந்த 14 ஆர்டரையும் பார்த்தேன். குறைந்தது 2, அதிகம் 6. அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே!

இன்னொரு சோதனையும் செய்தேன், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நேரத்துக்குப் போன அந்த 5 சிறப்பு நிற ஆர்டர் எப்படித் தப்பின? ஐந்துக்கும் முந்தைய வேலையில் மிஞ்சிய பவுடர் அலமாரியில் இருந்தது. அதே பெயின்டர், அதே செவ்வாய், வெள்ளிக் காத்திருப்பு, ஆனால் பவுடருக்கு 6 நாள் காக்கவில்லை. 4, 2, காத்திருப்பு 4 எல்லாம் சேர்ந்தாலும் 10-க்குள் முடிந்துவிடும். பெயின்டரின் முறை தாமதத்தைக் கூட்டுகிறது, ஆனால் அது மட்டும் தாமதத்தை உண்டாக்கவில்லை. பவுடர் ஆர்டர் போடுகிற நேரம்தான் உண்டாக்குகிறது.

அப்படியே விட்டுவிடலாமா? இன்னும் ஒரு படி இறங்கினேன். நிறம் முதல் நாளே ஆர்டர் படிவத்தில் இருக்கும்போது பர்ச்சேஸ் ஏன் காத்திருக்கிறது? அங்கே இருந்த அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். முன்பு ஒருமுறை பவுடர் வாங்கிய பிறகு ஆர்டர் ரத்தானதாம், ஒரு முழுப் பெட்டிப் பவுடர் தேங்கிவிட்டதாம். அன்றிலிருந்து, பெட்டி கோட்டிங்குக்கு வந்தால்தான் பவுடர் என்று ஒரு வாய்மொழி விதி. 37 முள்ளில் ஒன்றிலும் அது இல்லை, ஏனென்றால் படம் போட்ட அன்று அந்த அக்காவை யாரும் கூப்பிடவே இல்லை.

இந்த இடத்தில் நிறுத்தினேன். மாற்றக்கூடிய ஒரு விதி கையில் கிடைத்த பிறகு இன்னும் "ஏன், ஏன்" என்று இறங்கினால் உலகப் பொருளாதாரம்தான் வரும். இப்போது சிறப்பு நிறத்துக்கு முன்பணம் வந்த அன்றே பவுடர் ஆர்டர் போகிறது. ரத்தானால் அந்தப் பணம் பவுடருக்குச் சரியாகிவிடும். இதுவரை அப்படி 7 ஆர்டர், 6 நேரத்துக்குப் போய்விட்டன. தள்ளிப்போன ஏழாவதில் வாடிக்கையாளர் நடுவில் நிற எண்ணை மாற்றினார்.

தேதிக்கு இப்போது இரண்டு கட்டம் போட்டிருக்கிறார்கள், முதலில் சொன்னது ஒன்று, திருத்தியது ஒன்று. வெள்ளை மை பாட்டிலை உரிமையாளரே என் கண்ணெதிரில் குப்பையில் போட்டார், நான் கைதட்டினேன். அடுத்த வாரம் ஓவனின் அந்த 4 ஆர்டரைப் பார்க்கப் போகிறேன், சிவப்புப் பேனாவில் மை தீர்ந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும்.