கண்ணாடி டேபிள்ல தெரியற கோடு எல்லாமே கீறல் இல்லைங்க

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் கண்ணாடி வேலை பாக்குறவன். கட் பண்றது, ஓரம் பாலிஷ் போடறது, டேபிள் டாப் மாட்டறது, இதான் தொழில். டைனிங் டேபிள் கண்ணாடி ஒரே கீறலா இருக்கு, மாத்திக் குடுங்கன்னு கூப்பிடுவாங்க, போய்ப் பார்த்தா நிறைய இடத்துல கண்ணாடிக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது, மேல படிஞ்சு கிடக்கறதைத்தான் கீறல்னு நினைச்சுட்டு இருப்பாங்க. இன்னும் சில வீட்ல அந்தப் படிவை எடுக்கறேன்னு ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்ச்சு நிஜக் கீறலையே உண்டாக்கி வச்சிருப்பாங்க. அதனால இன்னிக்கு எப்படித் துடைக்கறதுங்கறதை விட, தேய்க்கறதுக்கு முன்னாடி எது என்னன்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுங்கறதைத்தான் அதிகம் பேசப்போறேன்.

ஒரு டேபிளையே எடுத்துக்குவோம். ஆறு பேர் உக்காரற சைஸ், பத்து மில்லிமீட்டர் கண்ணாடி. சேர் போட்டிருக்கற பக்கமெல்லாம் ஓரத்துல விரல் ரேகை, தொட்டா கை ஒட்டுது. நடுவுல டம்ளர் வச்ச இடத்துல வெள்ளையா வளையம் வளையமா. தட்டு வைக்கற இடத்துல மெல்லிசா கோடு கோடா. உங்க வீட்லயும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

முதல்ல ஈரத்துணியை எடுத்துட்டு வந்து ஒரே இழுப்பா இழுக்காதீங்க. கண்ணாடியைத் துணி கீறாது, துணிக்கு அடியில மாட்டற மணல் தூசிதான் கீறும். கடினத்தை அளக்க மோஸ்னு ஒரு அளவுகோல் இருக்கு, அதுல கண்ணாடி சுமார் 5.5, மணல்ல இருக்கற குவார்ட்ஸ் 7. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடி மணல் துணியில மாட்டிக்கிட்டா போதும், நீங்க அழுத்தி வட்டம் வட்டமா துடைக்கத் துடைக்க அதுவும் வட்டம் வட்டமா கோடு போட்டுட்டே வரும். லைட் வெளிச்சத்துல சிலந்தி வலை மாதிரி தெரியுமே, அது பெரும்பாலும் இப்படி வந்ததுதான். அதனால முதல்ல காஞ்ச மெல்லிசு துணியால அழுத்தாம, ஒரே திசையில தூசியைத் தள்ளி எடுத்துடுங்க. அப்புறம்தான் தண்ணி.

அடுத்து பிசுபிசுப்பு. விரல் ரேகைங்கறது எண்ணெய், கூடவே சர்க்கரை இருந்தா அதான் ஒட்டறது. கிளாஸ் கிளீனர் ஸ்ப்ரேயை எண்ணெய் மேல அடிச்சா பல நேரம் அது எண்ணெயை இழுத்துப் பரப்பிவிடுமே தவிர எடுக்காது, அதான் துடைச்சதுக்கு அப்புறமும் மேகம் மாதிரி மங்கலா நிக்குது. இதுக்குப் பாத்திரம் கழுவற லிக்விட் போதும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு அரை டீஸ்பூன், அதுக்கு மேல வேண்டாம். கூடப் போட்டா கூட சுத்தமாகும்னு நினைக்கறோம் ஆனா மிச்ச சோப்பே காஞ்சு புதுசா ஒரு படலமா நின்னுடும். அந்தத் தண்ணியில துணியை நனைச்சுப் பிழிஞ்சு ஓரத்துல ஒத்தி வச்சு, ரெண்டு நிமிஷம் ஊற விட்டுத் துடைங்க, சர்க்கரை தானா கரைஞ்சு வந்துடும், தேய்க்கற வேலையே இல்லை. காஞ்சு கெட்டியா ஒட்டியிருக்கறதை நனைச்சுட்டு பழைய பிளாஸ்டிக் கார்டால நெம்பி எடுக்கலாம், பிளேடு போட வேண்டாம். அப்புறம் வெறும் தண்ணியில நனைச்ச துணியால ஒரு தடவை, உடனே, காயறதுக்குள்ள, காஞ்ச மைக்ரோஃபைபரால ஒரு தடவை. மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கறப்ப மட்டும் ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போடாதீங்க, அந்த வழுவழுப்பு துணியில தங்கி அப்படியே கண்ணாடிக்கு வந்துடும்.

இப்ப எண்ணெய் போயிடுச்சு. மிச்சம் என்ன இருக்குன்னு இப்பதான் நிஜமா தெரியும். ரூம் லைட்டை அணைச்சுட்டு போன் டார்ச்சைக் கண்ணாடியோட மட்டத்துக்குத் தாழ்வா சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, மேலேருந்து நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது. தெரியற ஒவ்வொண்ணு மேலயும் ஒரு சொட்டுத் தண்ணி வைங்க, அப்புறம் நகத்தால குறுக்க ஒரு தடவை மெதுவா இழுங்க. இந்த ரெண்டு சோதனை போதும், பாதி பதில் கிடைச்சுடும்.

வெள்ளை வளையம் ஈரத்துல மறைஞ்சு, காஞ்சதும் திரும்ப வருதுன்னா பெரும்பாலும் அது உப்புத்தண்ணி விட்டுட்டுப் போன சுண்ணாம்புப் படிவு. கழுவின ஈரத்தோட டம்ளரை வைக்கறோம், இல்ல டம்ளர்ல இருந்து தண்ணி வழியுது, அந்தத் தண்ணி அடியில தேங்குது, தண்ணி ஆவியாயிடுது, அதுல இருந்த கால்சியம் அங்கேயே தங்கிடுது. இதுக்கு சோப்பு எவ்வளவு போட்டாலும் வேலைக்கு ஆகாது, புளிப்புதான் வேணும். வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி, இல்லன்னா ஒரு கப் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சிட்ரிக் ஆசிட். டிஷ்யூவை அதுல நனைச்சு வளையத்து மேல போட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் சும்மா விட்டுடுங்க. தேய்க்காதீங்க, காயவும் விடாதீங்க. எடுத்துட்டுத் தண்ணியால துடைங்க. தடிப்பான படிவா இருந்தா ரெண்டாவது சுத்து தேவைப்படும். டேபிள் கால் மார்பிளா இருந்தா மட்டும் ஜாக்கிரதை, ஒரு சொட்டு வினிகர் வழிஞ்சாலும் மார்பிள் அரிச்சுப் பொலிவு போயிடும். வினிகர் போட்ட இடத்துல பிளீச்சிங் தண்ணியைக் கொண்டு வரவே கூடாது, ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து.

வளையம் பழுப்பா இருந்தா அது டீ காபி சாயம், சோப்புத் தண்ணியில ஊற வச்சாலே வந்துடும். ரப்பர் மேட், கோஸ்டர் வச்ச இடத்துல எண்ணெய் மாதிரி ஒரு அச்சு விழுந்திருந்தா அந்த மேட்ல இருந்து கசிஞ்ச ரசாயனமா இருக்கலாம், ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில தொட்டுத் துடைச்சுப் பாருங்க. ஆனா அதுக்கு முன்னாடி உங்களுது கண்ணாடிதானான்னு ஒரு தடவை உறுதி பண்ணிக்குங்க. விரல் மூட்டால தட்டிப் பாருங்க, கண்ணாடி கணீர்னு கேக்கும், தொட்டா ஜில்லுனு இருக்கும். அக்ரிலிக் பொத்துனு கேக்கும், அவ்வளவு குளிர்ச்சியும் இருக்காது. அக்ரிலிக்ல ஆல்கஹாலோ அமோனியா ஸ்ப்ரேயோ பட்டா மெல்லிசா வெடிப்பு விழலாம், அப்புறம் அதைச் சரி பண்ண முடியாது.

எத்தனை தடவை புளிப்பு வச்சாலும் அசையாத வளையமும் உண்டு. ரொம்ப நாள் ஈரம் தேங்கித் தேங்கி கண்ணாடியோட மேல்தோலையே அரிச்சிருக்கும். அது படிவு இல்லை, சேதம். அதைக் கீறல் கணக்குலதான் சேர்க்கணும்.

சரி, கோட்டுக்கு வருவோம். நேயர்கள் நல்லா கவனிக்க வேண்டியது இதுதான். சாம்பல் கலர்ல லேசா மினுக்கற கோடு, தண்ணி வச்சாலும் மறையல, நகம் வழுக்கிட்டுப் போகுது, இப்படி இருந்தா அது கீறலே இல்லை. பாத்திரம், கரண்டி, ட்ரே இதோட அடிப்பக்க உலோகம் கண்ணாடியில உரசி ஒட்டிக்கிட்டது. குறிப்பா அலுமினியம் மெதுவான உலோகம், கண்ணாடியில இழுத்தா கண்ணாடி கீறாது, அலுமினியம்தான் தேஞ்சு கோடா நிக்கும். பேக்கிங் சோடாவைக் கொஞ்சூண்டு தண்ணியில குழைச்சு, விரல்ல துணி சுத்திக்கிட்டு, அந்தக் கோட்டு மேல மட்டும் லேசா தேயுங்க. பேக்கிங் சோடா கண்ணாடியை விட ரொம்ப மெதுவானது, கண்ணாடியைத் தொடாது, உலோகத்தை மட்டும் எடுத்துட்டு வரும். துணியில கறுப்பா வந்துச்சுன்னா சந்தேகமே இல்லை, அது உலோகம்தான். நான் சொன்ன அந்த ஆறு பேர் டேபிள்ல தட்டு வைக்கற இடத்துக் கோடெல்லாம் பெரும்பாலும் இந்த வகையாத்தான் இருக்கும்.

ஈரத்துல மங்கிப்போய், காஞ்சதும் திரும்ப வர்ற கோடு, வினிகருக்கும் போகல, அப்ப அது நிஜக் கீறல். கீறலுக்குள்ள தண்ணி போய் நிரம்பறதால வெளிச்சம் சிதறாம போகுது, அதான் மறையுது. இதுல நகம் மாட்டலைன்னா பாலிஷ் பண்ணிப் பாக்கலாம். டூத்பேஸ்ட் போட்டா போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்லைங்க, பல பேஸ்ட்ல இருக்கற சுண்ணாம்புப் பொடிக்குக் கண்ணாடியைத் தேய்க்கற அளவு கடினமே கிடையாது, அழுக்கு போனதைப் பார்த்து கீறல் போயிடுச்சுன்னு நினைச்சுக்கறோம். கண்ணாடிக்குன்னு உள்ளது சீரியம் ஆக்ஸைடு பொடி. கண்ணாடி வேலை செய்யறவங்க லென்ஸ் பாலிஷ் பண்றதுக்கே இதைத்தான் எடுப்பாங்க. மாஸ்க் போட்டுக்கிட்டு, பொடியைத் தண்ணியில பெயிண்ட் பதத்துக்குக் கலக்கி, டிரில் மெஷின்ல ஃபெல்ட் பேடு மாட்டி, குறைஞ்ச வேகத்துல, கீறலைச் சுத்தி நாலு விரல் அகலத்துக்கும் சேர்த்து ஓட்டணும். சுத்தி இருக்கற இடத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க, பால் மாதிரி தெறிக்கற குழம்பு மரத்து இடுக்குல போய்க் காஞ்சா எடுக்கறது பெரிய தலைவலி.

ஒரே இடத்துல நிறுத்தி ஓட்டக்கூடாது, ஈரம் காய விடக்கூடாது. நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்திப் புறங்கையால தொட்டுப் பாருங்க, சூடு தெரிஞ்சா ஆற விடுங்க, ஒரு இடம் மட்டும் சூடேறினா கண்ணாடி விரிசல் விடலாம். ஆசைப்பட்டு ஒரே இடத்தையே தேய்ச்சுக்கிட்டு இருந்தா கீறல் போயிடும், பதிலுக்கு அங்க ஒரு பள்ளம் விழுந்து, மேல லைட் பிம்பம் வளைஞ்சு வளைஞ்சு தெரியும். கீறலே தேவலாம்னு ஆயிடும்.

நகம் மாட்டற ஆழக் கீறலை வீட்ல தொடாதீங்க. மூலையில சின்னதா முத்திரை இருந்தா பெரும்பாலும் டஃபன்ட் கிளாஸ், அதோட மேல்தோல்தான் அதுக்கு பலம், ஆழமா தேய்ச்சா அதைத்தான் தேய்ச்சு எடுக்கறோம். ஓரத்துல சில்லு பேர்ந்திருந்தா பாலிஷ் பேச்சே வேண்டாம், அது எப்ப வேணாலும் மொத்தமா நொறுங்கலாம், கண்ணாடியை மாத்தறதுதான் வழி.

மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பார்த்துடுங்க. ஓரம் சம பாலிஷா இருக்கா, சரிவா வெட்டலையா, அடியில பெயிண்ட் இல்லையா, காலோட பசை போட்டு ஒட்டலையா, அப்படின்னா கண்ணாடியைப் புரட்டிப் போட்டுக்கலாம், கீறல் விழாத அடிப்பக்கம் மேல வந்துடும். முழுசா மறையாது, கண்ணாடி வழியா கீழ இருக்கற கீறல் கொஞ்சம் தெரியும், ஆனா கைக்குத் தட்டுப்படாது, வெளிச்சத்துலயும் அவ்வளவா மின்னாது. ஒன்றரை மீட்டருக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர், பத்து மில்லிமீட்டர்னா எடை சுமார் 34 கிலோ வரும், அதனால ரெண்டு பேர், கையுறை, ஷூ. படுக்கையா தூக்காம, ஓரத்துல நிறுத்தித் தூக்குங்க. அடியில இருக்கற ரப்பர் குமிழை எடுத்துட்டு, அந்த இடத்து அச்சைக் கொஞ்சம் ஆல்கஹாலால துடைச்சுட்டு, கால் மேலயும் மணல் இல்லாம துடைச்சுட்டு அப்புறம் கண்ணாடியை வைங்க. வணக்கம்.