அரைச் சொகுசின் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். வவுனியாவிலிருந்து மாங்குளம் வழியாக முல்லைத்தீவுக்குப் பஸ் விடும் முதலாளி ஒருவர் என் நண்பர். அவரிடம் மூன்று பஸ்கள். ஒருநாள் கணக்குக் கொப்பியை என் முன்னால் போட்டு, "மூன்றாவது பஸ்ஸிலும் ஆட்கள் ஏறுகிறார்கள் தம்பி, காசுதான் நிற்கவில்லை" என்றார். அந்தக் கொப்பியை, எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன்.

முதலாவது சாதாரண பஸ். ஒரு ஓட்டத்துக்குச் செலவு 20,000 ரூபா, ஐம்பது பேர். ஆளுக்கு 400 ரூபா செலவு, டிக்கெட் 500. இதுதான் செலவில் முந்துவது. கவனியுங்கள், விலையில் அல்ல, செலவில். சாதாரண பஸ்களின் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. எல்லாருக்கும் ஒரே 500தான். டயரைக் காலத்தில் மாற்றி, நெல்மூட்டையையும் ஏற்றி, வெறும் ஆசனத்தோடு ஓடாதவருக்கே நூறு ரூபா மிஞ்சுகிறது. குறைந்த கட்டணம் வேறு, குறைந்த செலவு வேறு. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், வீட்டில் சிரிப்பார்கள்.

இரண்டாவது குளிரூட்டிய பஸ். முப்பது ஆசனம், முன்பதிவு, குறித்த நேரத்தில் புறப்பாடு. ஆளுக்குச் செலவு 900, டிக்கெட் 1,100. சாதாரண பஸ்ஸைவிட 500 ரூபா கூடுதல் செலவு. பயணி கூடுதலாகத் தருவதோ 600. மற்றவரிடம் இல்லாத சேவையைக் கொடுத்துக் கூடுதல் விலை பெறும் வேறுபடுத்தல் பலித்துவிட்டது.

இனி மூன்றாவது, அரைச் சொகுசு பஸ். அதில் நானே போயிருக்கிறேன். சாய்மான ஆசனம், தொலைக்காட்சி, குளிரூட்டி எல்லாம் உண்டு. ஆனால் பஸ் நிறையும்வரை வவுனியாவில் நின்றது. ஓமந்தையில் நின்றது, புளியங்குளத்தில் நின்றது. கதவு திறந்து திறந்து குளிர் போனது. பிறகு டீசல் மிச்சம் என்று குளிரூட்டியையே நிறுத்திவிட்டார்கள். கண்ணாடியோ திறக்காது! அவசரக்காரர் அடுத்த முறை முன்பதிவு பஸ்ஸுக்குப் போய்விடுவார். மூட்டைக்காரரை நடத்துனரே ஏற்றமாட்டார். செலவு 25,000, நாற்பது பேர், ஆளுக்கு 625. டிக்கெட் 700.

இலாபம்தானே என்பீர்கள். கூட்டிப் பாருங்கள்: சாதாரண பஸ்ஸைவிடக் கூடுதல் செலவு 225, கூடுதல் கட்டணம் 200. பஸ்ஸை அழகாக்க அழகாக்க ஆளுக்கு இருபத்தைந்து ரூபா கரைகிறது. முகாமைத்துவ அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1980இல், செலவிலும் முந்தாமல் வேறுபடுத்தலிலும் வெல்லாமல் நடுவில் அகப்பட்ட நிறுவனம் என்று சொன்னது இதைத்தான். ஆட்களை எண்ணினால் தெரியாது. கூடுதல் செலவையும் கூடுதல் கட்டணத்தையும் அருகருகே வைத்தால்தான் தெரியும்.

முதலாளி கேட்டார், "அப்படியானால் இதை விற்கவா?" வேண்டாம் என்றேன். ஒன்று, தொலைக்காட்சியையும் குளிரூட்டியையும் கழற்றி நெருக்கமாக ஆசனம் போடலாம். அல்லது இடைத்தரிப்புகளை விட்டு, நேரத்துக்கு எடுக்கலாம். இரண்டையும் பாதி பாதி செய்தால் பழைய கதைதான்.

இன்னொன்றும் உண்டு: போட்டியே இல்லாத பாதையில் நடுவில் நிற்பவரும் பிழைத்துக்கொள்வார். ஒட்டுசுட்டான் உதாரணம் வைத்திருந்தேன்; தயாரிப்பாளர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். நன்றி, வணக்கம்.