காணாமல் போன 2.98 மீட்டர்

கேள்வி: வணக்கம் ஐயா. டோட்டல் ஸ்டேஷனில் எடுத்த புள்ளிகளை வைத்து ஒரு கிராமச் சாலைக்கு மையக்கோடு வரைந்தேன். ஐபி-க்களுக்கு இடையே உள்ள தூரங்களைக் கூட்டி எக்செலில் செயினேஜ், அதாவது சாலையின் தொடக்கத்திலிருந்து உள்ள தூரம், போட்டேன். மென்பொருள் காட்டும் மொத்த நீளம் அதைவிட 2.98 மீட்டர் குறைவு. வளைவு ஒன்றே ஒன்றுதான். ஆரம் 100 மீட்டர், திருப்பக் கோணம் 40 பாகை. எது சரி?

பதில்: மென்பொருள்தான் சரி, தம்பி. இந்தக் கேள்வியைப் படித்ததும் கையில் இருந்த செய்தித்தாளின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். 2.98 என்றே வந்தது. ஆரத்தையும் கோணத்தையும் சேர்த்து எழுதியிருந்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பாதிப் பேர் "நீளம் இடிக்கிறது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். ஐபி சாலையில் இல்லை. இரண்டு நேர்க்கோடுகளை நீட்டினால் அவை சந்திக்கும் இடம், அவ்வளவுதான். வண்டி அந்த இடத்துக்குப் போவதே இல்லை. வயல் மூலையில் வரப்போடு சுற்றிப் போகாமல் குறுக்கே நடந்து போகிறோம் அல்லவா, வளைவும் அப்படித்தான். நீங்கள் மூலைவரை போய்த் திரும்பியவரின் நடையை அளந்திருக்கிறீர்கள். மென்பொருள் குறுக்கே போனவரின் நடையை அளந்திருக்கிறது.

எவ்வளவு தூரம் மிச்சம் என்று பார்ப்போம். ஆரம் R, திருப்பக் கோணம் Δ, வளைவின் தொடக்கத்திலிருந்து ஐபி வரை உள்ள தொடுகோட்டு நீளம் T, வளைவின் நீளம் L:

```
T = R × tan(Δ/2) = 100 × tan 20° = 36.397
L = π × R × Δ / 180 = 69.813
2T − L = 72.794 − 69.813 = 2.981
```

வசதிக்காக உங்கள் ஐபி 400-இல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வளைவு தொடங்கும் இடம் 400 கழித்தல் 36.397, அதாவது 363.603. இதுவரை யாரும் தவறுவதில்லை. தவறு முடிவில்தான் நேர்கிறது. அவசரத்தில் அதே 36.397-ஐ 400-உடன் கூட்டி 436.397 என்று எழுதிவிடுவோம். அப்படி எழுதக் கூடாது. தொடக்கத்தோடு வளைவின் நீளத்தைக் கூட்ட வேண்டும்: 363.603 கூட்டல் 69.813, ஆக 433.416. ஐபி-யைத் தாண்டியபின் அதன் செயினேஜை மறந்துவிடுங்கள். அந்த எண்ணுக்கு அப்புறம் வேலை இல்லை.

வளைவு வரைக்கும் இரண்டு கணக்கும் ஒன்றாகவே இருக்கும். அதனால்தான் இந்தப் பிழை உடனே கண்ணில் படுவதில்லை. வளைவைத் தாண்டியபின் ஒவ்வொரு முளையும் ஒரே அளவு தள்ளிப் போயிருக்கும். அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம் கூடும். மலைச்சாலையில் கேட்கவே வேண்டாம். 30 மீட்டர் ஆரத்தில் 90 பாகை திரும்பினால் ஒரே வளைவில் 12.88 மீட்டர் போய்விடும். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே போய் ஐபி-க்களின் தூரத்தைக் கூட்டிப் பாருங்கள்! 180 பாகை திரும்பும் வளைவுக்கு ஐபி-யே கிடையாது. இரண்டு கோடுகளும் இணையாக ஓடிக்கொண்டே இருக்கும்.

என் அனுபவம் ஒன்று. ஒரு சிறுபாலத்துக்கு இறங்கும் சாலை, 4 சதவீதச் சரிவு. வரைபடத்தில் பாலம் 500-இல். களத்தில் முளைகளை அடித்து முடித்துவிட்டுப் பார்த்தால் பாலம் 503-க்கு எதிரே நிற்கிறது. சர்வேயர் தப்பாக எடுத்துவிட்டார் என்று எல்லோரும் அவரைத்தான் திட்டினார்கள், நானும் சேர்த்துத்தான். பாவம், அவருடைய புள்ளிகளில் ஒரு குறையும் இல்லை. முளை அடித்தவர்கள் ஐபி தூரத்தைக் கூட்டிய பட்டியலைப் பயன்படுத்தியிருந்தார்கள். மட்டம் கொடுத்தவர் மென்பொருளின் பட்டியலைப் பயன்படுத்தியிருந்தார். 500 என்று எழுதிய முளை உண்மையில் 497-இல் நிற்கிறது. அதற்கு 500-க்கு உரிய மட்டத்தைக் கொடுத்தால், 3 மீட்டருக்கு 4 சதவீதம், 12 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். பாலத்தின் முகத்தில் சாலை படி போல முட்டி நிற்கும். சமதளச் சாலையாக இருந்திருந்தால் இந்தப் பிழை வெளியே வந்திருக்காது.

மட்டம் என்று வந்துவிட்டது. நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, தம்பி. நெடுக்குவெட்டில், அதாவது நம் ஆட்கள் சொல்லும் எல்.எஸ்-இல், 400-இல் எந்தத் தரைமட்டத்தைப் போட்டீர்கள்? ஐபி-யில் முளை அடித்து அங்கே மட்டம் எடுத்திருப்பீர்கள். அதைத்தானே போட்டீர்கள்? ஐபி சாலையில் இல்லை! உங்கள் வளைவின் நடுப்பகுதி ஐபி-யிலிருந்து 6.42 மீட்டர் உள்ளே தள்ளிப் போகிறது. ஐபி யாரோ ஒருவருடைய வரப்பின்மேல் இருக்கும். சாலை தாழ்ந்த வயலில் போகும். என்னிடம் வேலை பார்த்த ஒரு பையன் அப்படிப் போட்டுவிட்டான். நெடுக்குவெட்டில் தரைக்கோடு சமமாக வந்து, ஐபி செயினேஜில் மட்டும் ஒட்டகத் திமில் மாதிரி தூக்கி, உடனே இறங்கிவிட்டது. அப்படி ஒரு திமில் ஐபி எண்ணில் சரியாக வந்து உட்கார்ந்தால், பிழை எங்கே என்று தேடிப் போக வேண்டியதில்லை.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் நேர்க்கோடுகள், அவற்றில் வளைவு, அதன்மேல் செயினேஜ், அதற்குப் பிறகுதான் அந்தக் கோட்டின் வழியே தரைமட்டம். பிறகு ஆரத்தை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும். 100-ஐ 150 ஆக்கினால் வளைவின் நடுப்பகுதி இன்னும் 3.2 மீட்டர் உள்ளே போகும். அங்கே வாய்க்கால் இருக்கலாம். குறையும் நீளமும் 2.98-இலிருந்து 4.47 ஆகிவிடும். வளைவின் உட்புறத்தில் சர்வே புள்ளிகள் போதுமான அளவுக்கு இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பாருங்கள். பழைய வண்டிப்பாதையின் ஓரங்களில் மட்டும் புள்ளி எடுத்திருந்தால், மென்பொருள் தூரத்துப் புள்ளிகளை முக்கோணமாக இணைத்து, இல்லாத ஒரு தரையை வழவழப்பாக வரைந்து காட்டும். வாய்க்கால் அதில் தெரியாது.

நெடுக்குவெட்டிலும் இதே கதைதான், ஒரு வேறுபாட்டோடு. 4 சதவீதம் இறங்கும் கோடும் 1 சதவீதம் ஏறும் கோடும் 520-இல் 52.000 மட்டத்தில் சந்திக்கின்றன என்று வையுங்கள். அங்கே 50 மீட்டர் நீளத்துக்குப் பள்ள வளைவு கொடுத்தால், 520-இல் சாலையின் மட்டம் 52.000 அல்ல, 52.312. சந்திப்புப் புள்ளியைவிட 31 சென்டிமீட்டர் உயரம். இங்கேயும் அந்தப் புள்ளி சாலையில் இல்லை. ஆனால் செயினேஜ் குறையாது. 495-இல் தொடங்கி 545-இல் முடியும், இருபுறமும் சரிபாதி 25 மீட்டர். ஏனென்றால் நெடுக்குவெட்டில் நீளத்தைக் கிடைமட்டமாகவே அளக்கிறோம், சரிவோடு சேர்த்து அல்ல. மேலிருந்து பார்க்கும் வளைவில் நீளம் குறையும், பக்கத்திலிருந்து பார்க்கும் வளைவில் குறையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு 52.000 என்றே மட்டம் கொடுத்துவிட்டு, மழைத்தண்ணீர் ஏன் அங்கே தேங்குகிறது என்று கேட்டவர்களும் உண்டு.

உங்கள் எக்செலில் திருத்த வேண்டியது ஒரே ஒரு வரிதான், வளைவு முடியும் இடம். அதற்குக் கீழே உள்ளவை தாமாகவே இறங்கி வந்துவிடும். திருத்திய பிறகு, 400-இல் போட்ட அந்தத் தரைமட்டம் எங்கே எடுத்தது என்று கீழே எழுதுங்கள்.