எண்ணெய்க்கு மூடி, தோலுக்குத் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். தீப்புண் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள் நான். சமையலறையில் சுட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "தண்ணீரை எதில் ஊற்றினீர்கள்?" என்றுதான். பற்றி எரிந்த எண்ணெயில் ஊற்றியிருப்பார்கள். வெந்த கையில் ஊற்றியிருக்க மாட்டார்கள். இது அப்படியே தலைகீழாக நடந்திருக்க வேண்டும். இன்று இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். நடுத்தர வயதுக்காரர். வீட்டில் தனியாக இருந்தபோது வாணலியில் எண்ணெயைக் காய வைத்திருக்கிறார். தொலைபேசி மணி அடித்தது. பக்கத்து அறைக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தால், வாணலியில் நெருப்பு. கைக்குக் கிடைத்த துணியால் கைப்பிடியைப் பிடித்து, வாணலியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடியிருக்கிறார். இரண்டு அடி வைப்பதற்குள் எண்ணெய் தளும்பி, வலது புறங்கையிலும் மணிக்கட்டிலும் வழிந்தது. கை தானாக உதற, வாணலி கீழே விழுந்து பாதத்தில் தெறித்தது. விழுந்த வேகத்தில் நெருப்பு அணைந்தது அவருடைய நல்ல நேரம். அப்புறம் கையில் பற்பசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எங்களிடம் வந்து சேர்ந்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

இதில் ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கலாம். எண்ணெய் எப்படித் தீப்பிடிக்கிறது? நாம் பொரிப்பது சுமார் 180 டிகிரி செல்சியஸில். அதைத் தாண்டிச் சூடேறினால், எண்ணெயின் வகையைப் பொறுத்து 200 டிகிரியை ஒட்டியோ அதற்குச் சற்று மேலேயோ புகைய ஆரம்பிக்கும். தொண்டையைக் கமறச் செய்யும் காரமான புகை அது. அந்தக் கட்டத்தில் அடுப்பை அணைத்துவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். விட்டுவிட்டால் இன்னும் சூடேறி, ஒரு நிலையில் எண்ணெயின் ஆவி தானாகவே பற்றிக்கொள்ளும். அடுப்புச் சுடர் அதைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. மின்னடுப்பிலும் இதே கதைதான்.

பற்றிய எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, அதனால் கீழே இறங்கும். கீழே இருக்கும் எண்ணெயின் சூடு தண்ணீரின் கொதிநிலையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். இறங்கிய தண்ணீர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு விரியும். அப்படி விரியும் ஆவி, மேலே இருக்கும் எரியும் எண்ணெயைத் துளித்துளியாகச் சிதறடித்துத் தூக்கி எறியும். வாணலிக்குள் இருந்த நெருப்பு ஒரு நொடியில் கூரை வரை எழும். ஒரு குவளைத் தண்ணீர் போதும் இதற்கு. அந்த மனிதர் குழாயடி வரை போய்ச் சேராமல் போனதும் ஒருவகையில் நல்லதுதான்.

அவர் செய்திருக்க வேண்டியது இதுதான். வாணலி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது. அடுப்பின் குமிழ் நெருப்புக்கு மேலே கையை நீட்டாமல் எட்டுகிற இடத்தில் இருந்தால் அணைத்துவிட வேண்டும். பிறகு வாணலியைவிடக் கொஞ்சம் பெரிய உலோக மூடியையோ தட்டையோ எடுத்து, மேலிருந்து போடாமல், நம் பக்கத்து விளிம்பிலிருந்து எதிர்ப்பக்கமாகச் சறுக்கி மூட வேண்டும். இப்படிச் செய்யும்போது மூடியே கைக்கும் நெருப்புக்கும் நடுவில் கேடயம்போல வரும். கண்ணாடி மூடி அந்தச் சூட்டில் வெடிக்கக்கூடும், அது வேண்டாம்.

மூடிய பிறகு வருவதுதான் கஷ்டமான பகுதி. சும்மா இருக்க வேண்டும். காற்று கிடைக்காததால் சுடர் போய்விடும், ஆனால் எண்ணெயின் சூடு போகாது. "அணைந்துவிட்டதா பார்ப்போம்" என்று மூடியைத் திறந்தால், உள்ளே காற்று புகுந்து மறுபடி குப்பென்று பற்றும், அதுவும் குனிந்து பார்க்கிற முகத்துக்கு நேராக. அரை மணி நேரமாவது தொடாமல் இருங்கள். மூடியும் வாணலியும் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறினால்தான் திறக்கலாம்.

மூடி கிடைக்கவில்லை, நெருப்பும் வாணலிக்குள்ளேயே சின்னதாகத்தான் இருக்கிறது என்றால், சமையல் சோடாவைத் தாராளமாகத் தூவலாம். கைப்பிடி சோடா போதாது, டப்பாவே காலியாகும். மாவைத் தூவாதீர்கள், காற்றில் பறக்கும் மாவு தானே பற்றி எரியும். நெருப்பு வாணலியை விட்டு வெளியே வந்துவிட்டாலோ, பக்கத்தில் அலமாரியைத் தொட்டுவிட்டாலோ, நம் வேலை முடிந்தது. எல்லாரையும் வெளியே அழைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

சரி, இப்போது கைக்கு வருவோம். கொதிநீர் பட்டால் பெரும்பகுதி வழிந்து ஓடிவிடும். எண்ணெய் அப்படியில்லை. அதன் சூடும் அதிகம், தோலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். எண்ணெயைத் துடைத்துவிட்டாலும், தோலுக்குள் இறங்கிய சூடு அங்கேயே இருந்து அடுத்த அடுக்கையும் வேக வைக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தில் சமையல் தொடர்ந்து வேகும் இல்லையா, அதே மாதிரி. அதனால்தான் உடனடியாகக் குழாயைத் திறந்து, ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டச் சொல்கிறோம். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததுபோலத் தோன்றும், கையை எடுத்துவிடுவார்கள். மேல்தோல்தான் அப்போது ஆறியிருக்கும், உள்ளே இன்னும் சூடு இருக்கும்.

தண்ணீர் குழாயில் வருகிற குளிர்ச்சி போதும். ஐஸ் வைக்கக் கூடாது. ஐஸ் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், ஏற்கெனவே அடிபட்ட தோலுக்கு இரத்தம் போகாமல் புண் இன்னும் ஆழமாகும். தண்ணீர் பட்டால் கொப்புளம் வரும் என்று பயப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதரும் என்னிடம், "சிஸ்டர், தண்ணி பட்டா கொப்பளிக்கும்னு சொன்னாங்களே" என்றார். கொப்புளத்தை உண்டாக்குவது சூடு. தண்ணீர் அதைக் குறைக்கத்தான் செய்யும்.

கை தண்ணீரில் இருக்கும்போதே மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். அவர் கழற்றவில்லை. எங்களிடம் வந்தபோது மோதிர விரல் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது, வெட்டித்தான் எடுத்தோம். எண்ணெயில் நனைந்த துணியையும் உடனே அகற்ற வேண்டும், அது சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் துணி தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், ஒட்டிய இடத்தை விட்டுச் சுற்றிக் கத்தரியுங்கள்.

அந்தப் பற்பசையால் ஒரு பலனும் இல்லை. சூடு வெளியேறாமல் மேலே ஒரு பூச்சாக நின்றது, காய்ந்து இறுகியது. புண்ணின் ஆழத்தைப் பார்க்க அதை நாங்கள் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது, அவர் பட்ட வலியில் பாதி அப்போதுதான். வெண்ணெய், எண்ணெய், மாவு, மை, எதைத் தடவினாலும் இதே பிரச்சினைதான். இரண்டு மணி நேரம் கழித்து வந்தாலும் முதலில் அவர் கையைத் தண்ணீரில்தான் காட்டினோம். காயம்பட்டு மூன்று மணி நேரம் வரை தண்ணீரால் பலன் உண்டு. ஆனால் உடனே செய்வதற்கு ஈடில்லை.

20 நிமிடம் முடிந்ததும் உணவைச் சுற்றி வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் புண்ணின் மேல் நீளவாக்கில் படர வைக்கலாம். வீக்கம் வரும் என்பதால் கையைச் சுற்றிக் கட்டக் கூடாது. தாள் இல்லையென்றால் நார் உதிராத சுத்தமான துணி போதும். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

நீராவிக்கும் முதலுதவி இதேதான், 20 நிமிடத் தண்ணீர். ஆனால் அதன் சுபாவம் வேறு. தோலில் பட்டதும் அது தண்ணீராக மாறும், அப்படி மாறும்போது தன்னுள் வைத்திருந்த பெரும் வெப்பத்தை அங்கேயே கொட்டிவிடும். அதே எடையுள்ள கொதிநீர் கொடுப்பதைவிடப் பல மடங்கு அதிகம். இன்னொரு விஷயம், உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. பாத்திரத்தின் மூக்கை ஒட்டி ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும் இடைவெளிதான் நீராவி. அதற்கு அப்பால் வெள்ளையாகத் தெரிவது ஏற்கெனவே குளிர்ந்துவிட்ட துளிகள். ஆகவே மூடியைத் திறக்கும்போது எதிர்ப்பக்க விளிம்பை முதலில் தூக்குங்கள், ஆவி அந்தப் பக்கமாகப் போகட்டும். ஈரத்துணியால் சூடான பாத்திரத்தைப் பிடிப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. துணியிலுள்ள ஈரம் உள்ளங்கையிலேயே ஆவியாகிவிடும்.

ஆவி பட்ட தோல் முதலில் வெறுமனே சிவந்து மட்டும் இருக்கலாம். கொப்புளம் சில மணி நேரம் கழித்துத்தான் எழும். அதனால் "ஒன்றுமில்லை" என்று தண்ணீரைத் தவிர்க்காதீர்கள். முகத்தில் ஆவி அடித்து, குரல் கரகரப்பாக மாறினாலோ மூச்சு சிரமப்பட்டாலோ தொண்டைக்குள் வீக்கம் இருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

வேறு எப்போது மருத்துவமனை? புண் காயம்பட்டவருடைய விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை அளவைவிடப் பெரிதாக இருந்தால். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகியவற்றில் இருந்தால், அளவு சிறிதாயினும். குழந்தைக்கோ முதியவருக்கோ கர்ப்பிணிக்கோ பட்டிருந்தால். எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது வலிக்காத புண்ணைத்தான். தோல் வெளுத்தோ கருகியோ, தொட்டால் உணர்வில்லாமல் இருந்தால் நரம்பு வரை வெந்திருக்கிறது என்று அர்த்தம். வலி இல்லையே என்று நிம்மதிப்படுகிற இடம் அல்ல அது. பெரிய புண்ணாக இருந்தால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, புண்ணில் மட்டும் தண்ணீர் விட்டு மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள், உடம்பு முழுவதும் சில்லிட்டுவிடக் கூடாது.

அந்த மனிதரின் பாதத்தில் தெறித்த இரண்டு மூன்று புள்ளிகள் இரண்டு வாரத்துக்குள் ஆறின. புறங்கை ஆறவில்லை. மூன்று வாரமாகியும் மூடாத புண் தழும்பாகும், மூட்டை இழுத்துப் பிடிக்கும். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று. பல மாதங்கள் விரல்களை மடக்கிப் பயிற்சி செய்தார். இப்போது அவர் அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பே வாணலிக்குப் பொருத்தமான மூடியைக் கைக்கு எட்டும் தூரத்தில் எடுத்து வைக்கிறாராம். தொலைபேசி அடித்தால் முதலில் அடுப்பை அணைக்கிறாராம்.

நன்றி, வணக்கம்.