டிரையர் டிரம் சுற்றவில்லையா? முதலில் கையால் சுற்றிப் பாருங்கள்

வணக்கம் மக்களே. மேலமாசி வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் இருக்கிறேன். மழைக்காலம், மாடியில் துண்டு காயாது, முழுக்க இந்த டிரையரை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். ஸ்டார்ட் அழுத்தினால் விளக்கு எரிகிறது, டிரம் அசையவில்லை.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிரம்மைக் கையால் சுற்றுகிறேன். பாருங்கள், கொஞ்சம் கனமாக வருகிறது. மோட்டாரையும் சேர்த்து இழுப்பதால் வரும் கனம் இது. பெல்ட் அறுந்திருந்தால் டிரம் லேசாக வழுக்கிக்கொண்டு ஓடும். அப்போது சில மெஷினில் மோட்டார் மட்டும் சுற்றும் சத்தம் கேட்கும். பெல்ட் சுவிட்ச் வைத்த மாடலில் மோட்டாரே ஓடாது, அதனால் சத்தத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. இங்கே பெல்ட் நன்றாக இருக்கிறது.

சரி, பின்பக்கத் தகட்டைக் கழற்றுவோம். காற்று வெளியேறும் வழியில் இருக்கும் இந்தச் சின்ன வெள்ளைப் பாகம்தான் தெர்மல் ஃபியூஸ்; சூடு அளவு மீறினால் கரண்டைத் துண்டித்துவிடும். இந்த மாடலில் மோட்டாருக்குப் போகும் கரண்ட் இதன் வழியாகத்தான் போகிறது; வேறு சில மாடலில் இது போனால் டிரம் சுற்றும், சூடு மட்டும் வராது. ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைக்கிறேன். நல்ல ஃபியூஸ் என்றால் பீப் அடிக்கும். இது அடிக்கவில்லை, OL காட்டுகிறது, அதாவது உள்ளே இணைப்பு அறுந்துவிட்டது. தெர்மோஸ்டாட் என்றால் ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்ளும், இது அப்படிச் சேராது. ஒரு முறை போனால் போனதுதான், மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் மாற்றிவிட்டுக் கிளம்பினால் மறுபடியும் போகும். ஏன் போனது என்று பார்க்கணும். துண்டு காய ரெண்டு ரவுண்டு ஆகிறது, மேல்தகட்டில் கை வைக்க முடியவில்லை என்று இங்கே வேலை பார்க்கும் அக்கா ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். சூடான காற்று வெளியே போக வழியில்லை என்பதற்கு அதுவே அடையாளம். வெளிச் சுவரில் குழாய் வாயைப் பாருங்கள்: புறா நுழையாமல் இருக்க வலை அடித்திருக்கிறார்கள். அந்த வலையில் துண்டுப் பஞ்சு மெத்தை மாதிரி அப்பியிருக்கிறது. உள்ளே பஞ்சு வடிகட்டியைத் தினமும் சுத்தம் செய்தாலும் நுண்பஞ்சு தப்பித்து இங்கே வந்து சேரும்.

தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்: ஃபியூஸ் இல்லாமல் ஒயரை முறுக்கி நேராக இணைப்பது. உள்ளே இருப்பது காய்ந்த பஞ்சு, பக்கத்திலேயே ஹீட்டர். தீப்பிடிக்க வேறு எதுவும் வேண்டாம்.

குழாயைக் கழற்றி முழுக்கத் தட்டிச் சுத்தம் செய்தாச்சு, அதே ரேட்டிங்கில் புது ஃபியூஸ் போட்டாச்சு. வலைக்குப் பதிலாக, காற்று தள்ளினால் திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும் மூடி மாட்டியிருக்கிறேன். இப்போது ஓடுகிறது. வெளியே கை வைத்தால் சூடான காற்று நன்றாக அடிக்கிறது. அடுத்த தடவை துண்டு காய நேரம் கூடினால், ஃபியூஸ் போவதற்கு முன்னாடியே இங்கே வந்து கை வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.