நகச்சுத்து: வெந்நீர் எதுவரை, கீறல் எப்போது?

கேள்வி: "டாக்டர், மூணு நாளா ஆள்காட்டி விரல்ல நகத்து ஓரம் சிவந்து வீங்கி, விண் விண்ணுன்னு தெறிக்குது. ராத்திரி தூக்கமே இல்ல. வெந்நீர்ல விரலை வெச்சாப் போதுமா, இல்ல கீறித்தான் சீழ் எடுக்கணுமா? வீட்டிலேயே ஊசியால குத்தி எடுத்துடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் குத்தாதீர்கள். காரணம் பின்னால் வரும், அப்போது உங்களுக்கே புரியும்.

இதைத்தான் நகச்சுத்து என்கிறோம். நகமும் அதை ஒட்டிய தோலும் சேரும் இடம் சீல் வைத்ததுபோல இறுக்கமாக மூடியிருக்கும். நகத்து ஓரம் நீட்டிக்கொண்டிருக்கும் தோலைப் பல்லால் கடித்து இழுக்கும்போதோ, நகத்தை ஒட்ட வெட்டும்போதோ அந்த மூடல் கிழிகிறது. அந்தச் சின்ன இடைவெளி வழியாகக் கிருமி உள்ளே போகிறது. பெரும்பாலும் அது தோலில் ஏற்கெனவே குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமிதான். நகம் கடிக்கிறவர்களுக்கு வாயில் இருக்கும் கிருமிகளும் சேர்ந்துகொள்ளும். விரல் நுனியில் வீக்கத்துக்கு இடம் கிடையாது. ஒரு பக்கம் நகம், அடியில் எலும்பு. அதனால்தான் இத்தனை சின்ன இடம் இப்படித் தெறிக்கிறது.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே சீழ் சேர்ந்துவிட்டதா, இல்லையா? வெந்நீரா கீறலா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

வெறும் சிவப்பும் வீக்கமும் வலியும் இருந்து, வெள்ளையாகவோ மஞ்சளாகவோ எதுவும் தெரியவில்லை என்றால் சீழ் இன்னும் சேரவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். இந்தக் கட்டத்தில் வெந்நீர் நன்றாக வேலை செய்யும். ஆனால் பலர் ஒரு நாளைக்கு ஒரு தடவை இரண்டு நிமிஷம் முக்கிவிட்டு, "கேட்கவில்லை டாக்டர்" என்பார்கள். 10 முதல் 15 நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை வைக்க வேண்டும். மற்றக் கை விரலை முதலில் விட்டுப் பாருங்கள். இதமாகச் சுட வேண்டும், பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிற சூடாக இருக்கக் கூடாது. ஆறினால் மறுபடி கொஞ்சம் வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம். வெறும் தண்ணீரே போதும், கிருமிநாசினி கலந்தே ஆக வேண்டும் என்றில்லை. எடுத்ததும் நகத்து இடுக்கு வரை ஈரம் இல்லாமல் ஒற்றித் துடைத்துவிடுங்கள். ஆன்டிபயாடிக் களிம்பு எழுதிக் கொடுத்திருந்தால் அப்போது தடவலாம். சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது, ஓரத் தோலை இளக்குகிறது. சில சமயம் சேர ஆரம்பித்த கொஞ்சம் சீழ் இளகிய ஓரம் வழியாகத் தானே கசிந்துவிடும், அத்தோடு வலியும் இறங்கிவிடும். இரண்டு நாளில் குறைய ஆரம்பிக்க வேண்டும். குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் காட்டிவிடுங்கள்.

சீழ் சேர்ந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? நகத்து ஓரம் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ தெரியும், தொட்டால் மெத்தென்று அமுங்கும். தெளிவாகத் தெரியவில்லை என்றால் நாங்கள் ஒரு சின்னச் சோதனை செய்வோம். வலிக்கிற விரலின் நுனிச் சதையைக் கட்டைவிரலோடு சேர்த்து மெதுவாக அழுத்தச் சொல்வோம். விரல் நுனிக்குள் அழுத்தம் கூடும்போது, சீழ் இருக்கும் இடத்துக்கு மேலே உள்ள தோல் மட்டும் தனியாக வெளுத்துக் காட்டும்.

போன மாதம் ஒருவர் வந்தார். ஓரத் தோலைப் பல்லால் பிய்த்திருக்கிறார், மறுநாள் சாயந்திரமே சிவந்துவிட்டது. வீட்டில் முன்பு மிச்சம் வைத்திருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை நான்கு நாள் போட்டிருக்கிறார். சிவப்பு கொஞ்சம் மட்டுப்பட்டது, தெறிப்பு மட்டும் போகவே இல்லை. அழுத்திப் பார்த்தபோது நகத்து ஓரமாக ஒரு பொட்டு அளவு தோல் வெளுத்தது. மாத்திரை கேட்காததற்குக் காரணம் இதுதான். மூடிய பைக்குள் சேர்ந்த சீழுக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. அதற்கு வழி திறந்துவிட வேண்டும்.

முதலில் பத்து நிமிஷம் வெந்நீரில் விரலை வைக்கச் சொன்னேன், தோல் இளகட்டும் என்று. விரலைச் சுத்தம் செய்துவிட்டு, ஊசியின் நுனியை நகத்தின் மேல் படுக்கை வாட்டில் வைத்து, நகத்துக்கும் தோலுக்கும் நடுவே மெதுவாக நுழைத்து ஓரத் தோலை நெம்பினேன். அவ்வளவுதான். இரண்டு மூன்று சொட்டுச் சீழ் வந்தது, தோலைக் கிழிக்கவே இல்லை. அங்கேயே உட்கார்ந்தபடி "தெறிக்கிறது நின்னுடுச்சு" என்றார். சீழ் வெளியேற வேண்டிய பாதை அந்த இடுக்குதான், கிருமி உள்ளே போன அதே பாதை. வீட்டில் குத்துகிறவர்கள் மேலேயிருந்து சதைக்குள் செங்குத்தாக இறக்குவார்கள். சீழும் வராது, கிருமி ஆழத்துக்குப் போய்விடும்.

எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது. சீழ் நிறைய இருந்தால் விரல் மரத்துப்போக ஊசி போட வேண்டியிருக்கும். நகத்துக்கு அடியில் போய்விட்டால் நகத்தின் ஒரு பகுதியை எடுக்க வேண்டி வரலாம். சீழ் எடுத்த பிறகும் இரண்டு மூன்று நாள் வெந்நீர் வைப்பதை விட்டுவிடாதீர்கள். திறந்த வழி சீக்கிரம் ஒட்டிக்கொள்ளக் கூடாது. சீழ் முழுதாக வந்து, சுற்றிலும் சிவப்புப் பரவாமல் இருந்தால் பலருக்கு ஆன்டிபயாடிக்கே தேவைப்படாது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு வேறு. அவர்கள் இரண்டு நாள் பார்க்கலாம் என்று வீட்டில் இருக்காமல் ஆரம்பத்திலேயே வந்துவிட வேண்டும்.

அப்புறம், சீழ் மாதிரியே தெரிந்து ஏமாற்றும் ஒன்று இருக்கிறது. சின்னச் சின்னத் தண்ணீர்க் கொப்புளங்கள் கூட்டமாக வந்து, அதற்கு முன்பே அந்த இடம் எரிந்து குறுகுறுத்திருந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அதைக் கீறவே கூடாது. நிச்சயமாகத் தெரியாவிட்டால் கைவைக்காமல் காட்டுங்கள்.

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய சில அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். வீக்கம் நகத்து ஓரத்தை விட்டு விரல் நுனிச் சதை முழுக்கப் பரவிக் கல்லாக இறுகிவிட்டது, சிவப்புக் கோடு கையில் மேலே ஏறுகிறது, காய்ச்சல் அடிக்கிறது. எல்லாவற்றையும்விட, விரல் முழுக்க வீங்கி மடங்கியே நின்று, நீட்டினால் உயிர் போகிற வலி என்றால் தொற்று தசைநாணின் உறைக்குள் போயிருக்கக்கூடும். அது ராத்திரியாக இருந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. தாமதித்தால் அந்த விரலை மறுபடி சரியாக மடக்க முடியாமல் போகலாம்.

உங்களுக்கு மூன்று நாள் ஆகி, தூக்கமும் போய்விட்டது என்கிறீர்கள். சீழ் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வெந்நீரைத் தொடருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இன்னொரு ராத்திரியைக் கடத்தாதீர்கள். இன்றைக்கே ஒரு டாக்டரிடம் விரலைக் காட்டுங்கள்.